வட்ட பிளக் கீபோர்டும் யூஎஸ்பி அடாப்டரும்: எது வேலை செய்யும், எது செய்யாது

பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு சின்ன வட்ட போர்ட்டுகள் இருக்கும். ஒன்று ஊதா, ஒன்று பச்சை. ஊதாவில் கீபோர்டு, பச்சையில் மவுஸ். யாங்கோனிலும் மோல்மீனிலும் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில், கோயில் ஆபீஸ்களில் இந்த வட்ட பிளக் கீபோர்டுகளை இன்றைக்கும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்குகிறார்கள். புதியதில் பெரும்பாலும் வட்ட போர்ட்டே கிடையாது, எல்லாம் யூஎஸ்பி. கையில் இருக்கும் கீபோர்டோ நன்றாக இருக்கிறது, தமிழ் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறது. அதைத் தூக்கிப்போட மனம் வராது. "ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே" என்று கடைக்குப் போகிறார்கள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு முனையில் வட்டம், மறு முனையில் யூஎஸ்பி என்று கடையில் கிடைக்கும் பொருள் உண்மையில் இரண்டு வகை. ஒன்றின் உள்ளே வெறும் கம்பி இணைப்பு மட்டுமே இருக்கும். மற்றொன்றின் உள்ளே ஒரு சிப் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது, கடைக்காரருக்கும் பல நேரம் தெரியாது. பழைய கீபோர்டுக்கு முதல் வகையை வாங்கினால் பெரும்பாலும் காசு வீண். ஏன் வீண், வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது, சரியானதை வாங்கிய பிறகும் எங்கே தடுமாறலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

வட்ட பிளக்கின் உள்ளே

இந்த வட்ட பிளக்குக்குப் பெயர் பிஎஸ்/2. ஐபிஎம் நிறுவனம் 1987 ஏப்ரலில் பர்சனல் சிஸ்டம்/2 என்ற கம்ப்யூட்டர் வரிசையை வெளியிட்டபோது அதோடு வந்த பிளக் இது. அதற்கு முன்னால் இருந்தது இதைவிடப் பெரிய, கட்டைவிரல் பருமனுள்ள ஐந்து பின் பிளக். ஊதா, பச்சை நிறங்கள் ஆரம்பத்தில் கிடையாது. 1990களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டிகள் வழியாகத்தான் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. அதனால் ரொம்பப் பழைய கீபோர்டின் பிளக் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தாலும் அது இதே பிஎஸ்/2தான், பயப்பட வேண்டாம்.

பிளக்கின் முகத்தை உற்றுப் பாருங்கள். ஆறு மெல்லிய பின்கள், நடுவே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. அந்தக் கட்டைதான் பிளக்கைத் தலைகீழாகச் செருக விடாமல் தடுக்கிறது. ஆறு பின்களில் வழக்கமாக வேலை செய்பவை நான்கு. ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம், ஒன்று கிரவுண்ட், ஒன்று டேட்டா, ஒன்று கிளாக். மீதி இரண்டும் சாதாரணக் கீபோர்டில் சும்மா இருக்கும். ஊதா போர்ட்டும் பச்சை போர்ட்டும் வடிவத்திலும் பின் அமைப்பிலும் ஒன்றேதான். மாற்றிச் செருகினால் பொதுவாக எதுவும் எரிந்துபோகாது, வேலைதான் செய்யாது. ஊதாவில் கீபோர்டு இருக்கும், பச்சையில் மவுஸ் இருக்கும் என்று கம்ப்யூட்டர் தனித்தனியாக எதிர்பார்ப்பதால் வரும் விளைவு அது. சில புதிய மதர்போர்டுகளில் பாதி ஊதா, பாதி பச்சை என்று ஒரே போர்ட் இருக்கும். அதில் எதை வேண்டுமானாலும் செருகலாம்.

இப்போது யூஎஸ்பியைப் பாருங்கள். பழைய வகை யூஎஸ்பி பிளக்கிலும் நான்கு தகடுகள்தான். ஒன்றில் 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டா. அங்கேயும் நான்கு, இங்கேயும் நான்கு. அங்கேயும் 5 வோல்ட், இங்கேயும் 5 வோல்ட். அப்படியானால் நான்கு கம்பிகளை இழுத்து இணைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் டேட்டா போகும் விதம் இரண்டிலும் முற்றிலும் வேறு.

கீபோர்டு எப்படிப் பேசுகிறது

பிஎஸ்/2 கீபோர்டில் A கீயை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு கம்ப்யூட்டரின் அனுமதிக்காகக் காத்திருக்காது. கம்பி சும்மா இருந்தால் உடனே தானே கிளாக் கம்பியைத் துடிக்க வைக்க ஆரம்பிக்கும். ஒரு வினாடிக்குப் பத்தாயிரத்திலிருந்து பதினாறாயிரத்துச் சொச்சம் வரை என்ற வேகத்தில் அந்தத் துடிப்பு போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் டேட்டா கம்பியில் ஒரு பிட். தொடக்க பிட் ஒன்று, பிறகு எட்டு பிட் தகவல், சரிபார்ப்பு பிட் ஒன்று, முடிவு பிட் ஒன்று, ஆக மொத்தம் 11. ஒரு மில்லிசெகண்ட் அளவில் எல்லாம் முடிந்துவிடும். A கீக்கு அது அனுப்பும் எண் `1C`. கையை எடுத்ததும் `F0 1C` என்று இன்னொரு செய்தி வரும். 'அந்தக் கீயை விட்டாகிவிட்டது' என்று அதற்குப் பொருள்.

யூஎஸ்பி கீபோர்டு இப்படிச் செய்ய முடியாது. அது தானாக வாய் திறக்கவே கூடாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர் கூப்பிட்டால்தான் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும், அதுபோல. கம்ப்யூட்டர் சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 'ஏதாவது உண்டா?' என்று கேட்கும். அப்போதுதான் கீபோர்டு எட்டு பைட் கொண்ட ஒரு தொகுப்பை அனுப்பும். A கீ அழுத்தியிருந்தால் அந்தத் தொகுப்பில் `04` என்ற எண் இருக்கும். `1C` அல்ல. மேலும், மாட்டியவுடன் 'நான் யார், என்ன வகைச் சாதனம், எனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்' என்று கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அது பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துக்கொள்ளாது.

ஆக, முறை வேறு, எண்கள் வேறு, பேச ஆரம்பிக்கும் ஆள் வேறு. `1C`ஐ `04` ஆக்கவும், கம்ப்யூட்டர் கேட்கும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கவும், அறிமுகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் நடுவில் ஒரு சிப் வேண்டும். வெறும் கம்பியால் அது ஆகாது.

அந்தப் பழைய பெரிய ஐந்து பின் பிளக்கிலிருந்து சின்ன ஆறு பின் பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் இருக்கிறதே, அதுவும் வெறும் கம்பிதான், ஆனால் நன்றாகவே வேலை செய்யும். ஏனென்றால் பிளக்கின் வடிவம்தான் மாறியது, அதன் வழியே பேசும் முறை மாறவில்லை. அதைப் பார்த்துப் பழகியவர்கள் யூஎஸ்பி அடாப்டரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் கம்பி அடாப்டர் எதற்கு?

நியாயமான கேள்வி. வேலை செய்யாத ஒன்றை ஏன் செய்து விற்கிறார்கள்? அது வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. 2000ஐ ஒட்டிய காலத்தில் யூஎஸ்பி மவுஸ் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பச்சை அடாப்டர் கூடவே வரும், நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் யூஎஸ்பி போர்ட், மறு பக்கம் வட்ட பிளக். யூஎஸ்பி மவுஸை வட்ட போர்ட்டில் மாட்டுவதற்கு அது. அது வேலை செய்தது அடாப்டரின் திறமையால் அல்ல, மவுஸின் திறமையால். அந்த மவுஸின் சிப்புக்கு இரண்டு முறையும் தெரியும்.

மின்சாரம் வந்ததும் அந்த சிப் தன் இரண்டு டேட்டா கம்பிகளையும் பார்க்கும். பிஎஸ்/2 போர்ட்டில் கம்ப்யூட்டர் அந்த இரண்டு கம்பிகளையும் 5 வோல்ட் பக்கம் மேலே இழுத்து வைத்திருக்கும். யூஎஸ்பி போர்ட்டில் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக இரண்டையும் கிரவுண்ட் பக்கம் கீழே இழுத்து வைத்திருக்கும். கம்பிகள் மேலே இருந்தால் 'சரி, இது பிஎஸ்/2' என்றும், கீழே இருந்தால் 'இது யூஎஸ்பி' என்றும் முடிவுசெய்து மவுஸ் தன்னை மாற்றிக்கொள்ளும். அடாப்டர் வெறுமனே கம்பியை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். அந்தப் பச்சை அடாப்டர் அதனோடு வந்த மவுஸுக்கும், அதுபோல இரண்டு முறையும் தெரிந்த சாதனங்களுக்கும் மட்டுமே பயன்படும். இன்றைக்கு வரும் பல யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ்களில் பிஎஸ்/2 முறையே இல்லை. அவற்றை அதில் மாட்டி வட்ட போர்ட்டில் செருகினால் ஒன்றும் நடக்காது. அடுத்தது, நமக்கு வேண்டிய எதிர்த் திசை, அதாவது பழைய வட்ட பிளக் கீபோர்டை யூஎஸ்பியில் மாட்டுவது. பழைய கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி முறை தெரியாது. யூஎஸ்பி வருவதற்கு முன்னால் செய்த கீபோர்டு என்றால் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வெறும் கம்பி அடாப்டர் அங்கே கைவிட்டுவிடும்.

மோல்மீனில் நடந்தது

என் சித்தப்பா மோல்மீனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கோடு பங்குனி உத்திர நோட்டீஸ், அன்னதான அறிவிப்பு எல்லாம் தமிழில் தட்டிக் கொடுப்பதும் அவர்தான். அவருடைய கீபோர்டு ஜப்பான் மாடல், செகண்ட் ஹேண்ட், பிஎஸ்/2. ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், அதன் இரண்டு பக்கமும் ஜப்பானிய எழுத்துள்ள கீகள். மேலே தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் போய், கையகலப் புதிய பெட்டி ஒன்று வாங்கினார். அதில் நான்கு யூஎஸ்பி மட்டும். யாங்கோனிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி ஊதா நிறக் குட்டி அடாப்டர் ஒன்று வரவழைத்தார்.

மாட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். "லைட்டெல்லாம் ஒரு தடவை மின்னுதுப்பா. அப்போ கீபோர்டு நல்லாத்தானே இருக்கு? தட்டினா மட்டும் ஒண்ணும் வரலை."

அவர் சொன்னதில் எல்லாத் தகவலும் இருந்தது. மின்சாரம் வந்ததும் பிஎஸ்/2 கீபோர்டு தன்னையே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அப்போது நம்பர் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் மூன்றும் ஒரு கணம் எரிந்து அணையும். சோதனை சரியாக முடிந்தால் `AA` என்று ஒரு செய்தி அனுப்பும். ஆகவே விளக்கு மின்னியது என்றால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஒழுங்காக வந்திருக்கின்றன, கீபோர்டின் உள்ளே இருக்கும் சிப் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான் அதற்குப் பொருள். கீபோர்டு சொன்ன `AA`வைக் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டதா என்பதை அந்த விளக்கு சொல்லாது. ஆப்டிகல் மவுஸின் அடியில் எரியும் சிவப்பு விளக்கும் அப்படியே. எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம்.

அடுத்து கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரியவில்லை. இது ரொம்பப் பயனுள்ள சோதனை. கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. கீபோர்டு 'அந்தக் கீ அழுத்தப்பட்டது' என்று சொல்லி, கம்ப்யூட்டர் 'சரி, விளக்கைப் போடு' என்று திருப்பிச் சொன்னால்தான் எரியும். போகவும் வரவும் இரண்டு வழியும் திறந்திருந்தால் மட்டுமே அது நடக்கும். அழுத்தினால் எரியவில்லை என்றால் பேச்சு நடக்கவில்லை.

பிறகு கீபோர்டைக் கழற்றிவிட்டு அந்த ஊதா அடாப்டரை மட்டும் யூஎஸ்பியில் செருகச் சொன்னேன். விண்டோஸ் புதிய சாதனம் வந்தால் எழுப்பும் ஓசை வரவில்லை. Device Manager திறந்து Keyboards பகுதியைப் பார்த்தார். அங்கேயும் எதுவும் கூடவில்லை. சிப் உள்ள அடாப்டராக இருந்தால், கீபோர்டு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் தன்னையே ஒரு கீபோர்டாக அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும். HID Keyboard Device என்று ஒரு வரி வந்திருக்கும். வரவில்லை. ஆகவே இது வெறும் கம்பி.

சித்தப்பாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கும் பையனிடம் மல்ட்டிமீட்டர் இருந்தது. அடாப்டரை எதிலும் மாட்டாமல் தனியாக வைத்து, மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைக்கச் சொன்னேன். யூஎஸ்பி பிளக்கின் நான்கு தகடுகளில் நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டா. ஒரு முனையை அதில் ஒன்றில் வைத்து, மறு முனையில் மெல்லிய குண்டூசி பிடித்து வட்டப் பக்கத்தின் ஆறு துளைகளிலும் ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒன்றில் பீப் அடித்தது. இன்னொரு நடுத் தகட்டை வைத்தபோது வேறொரு துளையில் பீப். டேட்டா கம்பி நேராகப் போகிறது, நடுவில் எதுவும் இல்லை. சிப் இருந்தால் ஓரத் தகடுகளான 5 வோல்ட்டும் கிரவுண்டும்தான் பீப் அடிக்கும், நடுத் தகடுகள் அடிக்காது. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். அடாப்டரை மட்டும் செருகுவதற்கு முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை இதைத் தட்டுங்கள்:

```
lsusb
```

இரண்டாவது முறை ஒரு வரி கூடுதலாக வந்தால் உள்ளே சிப் இருக்கிறது. வரிகள் மாறவில்லை என்றால் வெறும் கம்பியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எதை வாங்க வேண்டும்

சிப் உள்ளது பெரும்பாலும் ஒரு குட்டிக் கேபிளாக வரும். ஒரு முனையில் யூஎஸ்பி, மறு முனை இரண்டாகப் பிரிந்து ஊதா ஒன்று, பச்சை ஒன்று. நடுவிலோ யூஎஸ்பி முனையிலோ கொஞ்சம் தடித்த பிளாஸ்டிக் இருக்கும், சிப் அதற்குள்தான். கீபோர்டு, மவுஸ் இரண்டையும் ஒரே யூஎஸ்பி போர்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மாட்டினாலும் வேலை செய்யும். இரண்டு தனித்தனி மொழிகளை ஒரே கம்பியில் அனுப்ப வெறும் கம்பியால் முடியாது என்பதால், இரண்டு வட்ட போர்ட்டுள்ள யூஎஸ்பி கேபிளில் சிப் இருக்கும் என்று ஓரளவு நம்பி வாங்கலாம். ஒற்றை நிறக் குட்டி அடாப்டர் என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். விரல் நுனி அளவே உள்ளது பெரும்பாலும் வெறும் கம்பி. கடையிலேயே கம்ப்யூட்டர் இருக்கும். அடாப்டரை மட்டும் செருகச் சொல்லி ஓசை வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இதேபோல இரண்டாகப் பிரியும் இன்னொரு கேபிளும் விற்கிறது, ஆனால் அதன் ஒற்றை முனையும் வட்டம். ஒரே வட்ட போர்ட்டுள்ள கம்ப்யூட்டரில் கீபோர்டையும் மவுஸையும் சேர்த்து மாட்டுவதற்கு அது. சும்மா இருக்கும் என்று மேலே சொன்ன அந்த இரண்டு பின்களை அது பயன்படுத்துகிறது. உள்ளே சிப் கிடையாது. அதை வாங்கி அதன் முனையில் ஊதா அடாப்டரை மாட்டி யூஎஸ்பியில் செருகினால் ஒன்றும் வராது.

சரியானதை மாட்டிய பிறகு

சித்தப்பா இரண்டாகப் பிரியும் கேபிள் வாங்கி மாட்டினார். எழுத்து வந்தது. முதலில் அவர் கேட்டது ஸ்டிக்கரைப் பற்றித்தான். அடாப்டர் போட்டால் தமிழ் எழுத்துகளின் இடம் மாறிவிடுமா என்று. மாறாது. கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, கீயின் இடத்தை. P கீக்கு வலப்பக்கம் உள்ள கீ எந்த நாட்டுக் கீபோர்டிலும் `54` என்றுதான் சொல்லும். அமெரிக்கக் கீபோர்டில் அதன்மேல் `[` அச்சடித்திருக்கும், சித்தப்பாவின் ஜப்பான் கீபோர்டில் `@` அச்சடித்திருக்கும். அடாப்டர் அதை யூஎஸ்பி எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அதைத் தமிழ்99இல் 'ச' ஆக்குவது கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள். ஆக `@` மேல் ஒட்டிய 'ச' ஸ்டிக்கர் அப்படியே இருக்கலாம். பர்மிய எழுத்து அச்சடித்த கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஆனால் ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும் இருந்த ஜப்பானியக் கீகள் செத்துப்போயின. அவற்றில் ஒன்றை அவர் தமிழ், ஆங்கிலம் மாற்றுவதற்காக வைத்திருந்தார். இதற்குக் காரணம் அடாப்டரின் சிப்புக்குள் இருக்கும் பட்டியல். எந்த பிஎஸ்/2 எண்ணுக்கு எந்த யூஎஸ்பி எண் என்ற அந்தப் பட்டியலில் வழக்கமான கீகள் மட்டும் இருந்தால், அதில் இல்லாத கீயை அழுத்தும்போது சிப் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். ஒலியைக் கூட்டும், இணையம் திறக்கும் கூடுதல் பட்டன்களுள்ள கீபோர்டிலும் இது நடக்கும். நாம் வெளியிலிருந்து திருத்த முடியாது. சித்தப்பா மொழி மாற்றத்தை வேறு கீயில் வைத்துக்கொண்டார், பிரச்சினை தீர்ந்தது.

மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்/2 என்பது கம்ப்யூட்டர் ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காகச் செய்த இணைப்பு அல்ல. குறிப்பாக மவுஸ், மின்சாரம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் `F4` என்ற கட்டளை அனுப்பினால்தான் அசைவுகளைச் சொல்ல ஆரம்பிக்கும். அந்தக் கட்டளை வழக்கமாகக் கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஒருமுறை போகும். நடுவில் மவுஸைக் கழற்றி மாட்டினால் அது மறுபடி வாயை மூடிக்கொள்ளும், கட்டளை மறுபடி வராமலே போகலாம். அடாப்டரில் இந்த வேலையைச் செய்வது அதன் சிப். பல சிப்புகள் மின்சாரம் வந்த கணத்தில் மட்டும் வட்டப் பக்கத்தைச் சரிபார்க்கின்றன. ஆகவே கீபோர்டையும் மவுஸையும் முதலில் அடாப்டரில் மாட்டுங்கள், அப்புறம் அடாப்டரை யூஎஸ்பியில் செருகுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு கீபோர்டு பேசாமல் கிடந்தால் யூஎஸ்பி முனையை மட்டும் உருவி, சில நொடி விட்டு மறுபடி செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் வட்ட பிளக்கை நேரடியாகக் கம்ப்யூட்டரின் ஊதா போர்ட்டில் மாட்டுகிறவர்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டே மாட்டவும் கழற்றவும் வேண்டும். 5 வோல்ட் கம்பி எங்காவது உரசி ஷார்ட் ஆனால், மதர்போர்டில் அந்த போர்ட்டுக்கென்று இருக்கும் சின்ன ஃப்யூஸ் போய்விடலாம். அதன்பிறகு எந்தக் கீபோர்டைச் செருகினாலும் விளக்கு மின்னாது.

விளக்கு ஒருமுறைகூட மின்னவில்லை என்றால் அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கின் பின்களைப் பாருங்கள். இருட்டில், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிச் செருகும்போது ஒரு பின் மடங்கிப் படுத்துவிடுவது ரொம்ப சகஜம். பட்டன் பென்சிலின் கூர்முனைக் குழாயை, லெட் இல்லாமல், அந்தப் பின் மேல் நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே இழுப்பில் நிமிர்த்தாதீர்கள். பின் மெல்லியது, இரண்டு மூன்று முறை மடங்கி நிமிர்ந்தால் முறிந்துவிடும். செருகும்போது பிளாஸ்டிக் கட்டை எந்தப் பக்கம் என்று போர்ட்டின் முகத்தையும் பிளக்கின் முகத்தையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திருகாமல் நேராகத் தள்ளுங்கள்.

பின் நேராக இருந்தும், சிப் உள்ள அடாப்டராக இருந்தும், கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகப்படலாம். கனமான பழைய கீபோர்டுகள் சில இன்றைய கீபோர்டுகளைவிட அதிக மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். தனியாக அது போதும். ஆனால் தனி மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பில் பென் டிரைவ், ஸ்கேனர் என்று எல்லாம் தொங்கும்போது, அதே 500ஐ எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஹப்பை விட்டுவிட்டு அடாப்டரைக் கம்ப்யூட்டரின் போர்ட்டிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் காரணம் ஹப்தான்.